புதுப்பிப்பு: துபாய் சம்பளமும் கிருஷ்ணகிரி கடை வாடகையும் எந்தக் கணக்கில்?

நான் கேட்டிருந்தது: "துபாய் சம்பளம், ஊர்க் கடை வாடகை இரண்டையும் வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ கணக்கு ஒன்றிலேயே போடலாமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற வங்கி அண்ணன் சொன்னதுதான் சரி. சம்பளம் என்ஆர்இக்குப் போகிறது; அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பும். வாடகை இந்தியாவில் வரும் பணம் என்பதால், வெளிநாட்டில் இருப்பவர்களின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கில் போடுகிறேன்.

"என்ஆர்ஓவில் விழுந்த பணம் வெளியே வராது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது பாதி உண்மை. வரி கட்டிய பிறகு, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், என்ஆர்இக்கும் மாற்றலாம். மாற்றும்போது வங்கியில் வாடகை ஒப்பந்தமும் ஆடிட்டர் சான்றும் கேட்டார்கள்.

நான் எதிர்பார்க்காதது என்ஆர்ஓ வட்டியில் பிடிக்கும் வரி. 40,000 ரூபாய் வட்டிக்கு 31.2 சதவீதம், அதாவது 12,480 ரூபாய் போய்விட்டது. அமீரகத்தில் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, 10எஃப் படிவத்தோடு வங்கியில் கொடுத்தால் இந்தியா-அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 12.5 சதவீதம்தான், அதே வட்டிக்கு 5,000 ரூபாய். சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கூடுதலாகப் பிடித்ததை ரிட்டர்னில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஊர் திரும்பிவிட்ட பர்கூர் அக்கா தன் என்ஆர்இ டெபாசிட் பற்றிக் கேட்டிருந்தார். அக்கா, உங்கள் விஷயம் வேறு. நிரந்தரமாக வந்துவிட்டால் வங்கியில் உடனே சொல்லிக் கணக்கை மாற்றுங்கள்; என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கு இனி கிடைக்காது.