[கலைச்சொல்] காந்தக்குழி, விளிம்பு ப்ரொஃபைல்: ஒரு சொல்லா, இரண்டா?

அனுப்புநர்: செல்வி

அனைவருக்கும் வணக்கம்.

மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நிலத்தையும் ஆற்றையும் சதுரம் சதுரமாக முப்பரிமாண அச்சில் எடுத்து, காந்தத்தால் ஒட்டவைத்து அடுக்குவார்கள். அதற்கு ஒரு செய்முறைக் கையேடு எழுதிவருகிறேன். ஒரு கட்டம் 25.4 மி.மீ.; நான் எடுத்துக்கொண்டது இரண்டுக்கு இரண்டு கட்டம், அதாவது 50.8 மி.மீ. சதுரம். அடி 8 மி.மீ. தடிமன். காந்தம் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனமுள்ள நியோடிமிய வில்லை.

மூன்று சொற்கள் தேவை. முதலாவது, டெரெய்ன் டைல். இரண்டாவது, காந்தம் உட்காரும் மேக்னெட் பாக்கெட். மூன்றாவது, ஒன்றோடொன்று பொருந்தும் எட்ஜ் ப்ரொஃபைல். "விளிம்புச் சுயவிவரம்" என்று ஓரிடத்தில் பார்த்தேன். விளிம்புக்கு வேலை தேடுகிறார்கள் போல.

அனுப்புநர்: இராமநாதன்

செல்வி அம்மா, "நில ஓடு" என்று எழுதிவிடாதீர்கள். புணர்ந்தால் "நிலவோடு" ஆகி, படிப்பவர் நிலாவோடு போய்விடுவார். "கள ஓடு" அதைவிட மோசம்: "களவோடு"! "தள ஓடு" தப்பிக்கும். "தளவோடு" என்றாலும் பெரிய குழப்பமில்லை. தளவு என்பது முல்லையில் ஒரு வகை என்று நினைவுவைத்திருப்பவர்கள் இப்போது குறைவு.

விளிம்புக்குப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மங்களூர் ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், ஒன்றன் மேல் ஒன்று கவ்வும். ஆண் விளிம்பு, பெண் விளிம்பு. தச்சு வேலையில் நாக்கு, காடி என்பார்கள். "நாக்கு விளிம்பு, காடி விளிம்பு" என்றால் எல்லோருக்கும் புரியும்.

பாக்கெட்டுக்குக் "குழி" போதாது. குழி மேல்நோக்கித் திறந்திருப்பது. பாக்கெட் பொருளைச் சூழ்ந்து பிடிப்பது. "காந்த உறை" என்கிறேன், கத்திக்கு உறை போல.

அனுப்புநர்: முகுந்தன்

"காந்த உறை" என்றால் காந்தத்தின் மேல் பூசிய நிக்கல் பூச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். வியாபாரிகள் அந்தப் பூச்சைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். குழியே இருக்கட்டும், முன்னால் வினையைச் சேர்த்து வகை பிரிக்கலாம்.

அச்சிட்டு முடித்தபின் அடியிலிருந்து காந்தத்தைச் செங்குத்தாக நுழைப்பது ஒரு வகை. அகலம் 2.2, நீளம் 5.2, ஆழம் 5.2 மி.மீ. வைத்தால் 5×2 வில்லை விரல் அழுத்தத்தில் இறங்கும். இதைச் "செருகுகுழி" எனலாம். அச்சை நடுவில் நிறுத்தி, காந்தத்தை வைத்து, மேலே படலம் போட்டு மூடிவிடுவது இன்னொரு வகை, அது "மூடுகுழி". ஊறுகாய் போல இரண்டும் வினைத்தொகை, காலம் காட்டாது. இந்தத் தொழிலுக்கு அதுதான் வசதி.

கையேட்டில் செருகுகுழியையே முதலில் சொல்லுங்கள். அதன் கூரை 2.2 மி.மீ. பாலம்தான், தொங்காது. பக்கவாட்டில் வட்டத் துளை போட்டால் உச்சி தொங்கி, காந்தம் பாதியில் நிற்கும். மூடுகுழியில் வேறு தொல்லை: அச்சுத்தலையில் எங்கே இரும்பு இருந்தாலும், அது கடந்துபோகும்போது காந்தம் எகிறி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மேல்படலம் போடும் முன் ஒரு சொட்டுப் பசை வைத்து உலரவிட்டால்தான் நிற்கும்.

குழிக்கும் விளிம்புக்கும் நடுவே விடும் சுவரில்தான் பலர் தவறுகிறார்கள். 0.4 மி.மீ. அச்சு நுனியில் ஒற்றைக்கோடு போட்டால் சுவர் ஏறக்குறைய 0.45 மி.மீ. இரண்டு ஓடு சேரும்போது காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இடையே சுமார் 1.1 மி.மீ. வரும். பலமாக இருக்கட்டும் என்று இரட்டைக்கோடு போட்டால் இடைவெளி 2 மி.மீ., அதாவது காந்தத்தின் கனத்துக்குச் சமம். அந்தத் தூரத்தில் இழுப்பு வெகுவாகக் குறைந்துபோகும். ஓட்டைத் தூக்கினால் பக்கத்து ஓடு கூட வராமல் நழுவும்.

இராமநாதன் ஐயா, நாக்கு-காடி அழகான சொற்கள்தான். ஆனால் மங்களூர் ஓட்டை யாரும் திருப்பிப் போடுவதில்லை. கூரைக்கு ஒரே திசை. இந்த ஓட்டை ஆடுபவர் நான்கு திசையிலும் திருப்புவார். இரண்டு பக்கம் ஆண், இரண்டு பக்கம் பெண் என்று வைத்தால், ஒரு ஓட்டை அரைச்சுற்றுத் திருப்பியதும் ஆணும் ஆணும் முட்டும். நமக்கு வேண்டியது ஒரே விளிம்புக்குள் நாக்கும் காடியும் சேர்ந்திருப்பது. வெளியே நின்று விளிம்பைப் பார்த்தால் இடப்பாதியில் நாக்கு, வலப்பாதியில் அதே தூரத்தில் காடி. எதிரே வரும் ஓட்டின் வலம் நம் இடத்துக்கு நேராக வருவதால் எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தோடும் சேரும்.

காந்தத்துக்கும் இதே விதிதான்: வெளியே நின்று பார்க்க, இடக்குழியில் வடதுருவம் வெளிநோக்கி, வலக்குழியில் தென்துருவம் வெளிநோக்கி. விளிம்பின் நடுவிலிருந்து இருபுறமும் 12.7 மி.மீ.

அனுப்புநர்: நசீர்

சலாம். நான் 24 ஓடு அச்சிட்டு முடித்துவிட்டேன், காந்தம் ஒட்டவில்லை என்பதுதானே கேள்வி? எனக்கும் அதேதான். முகுந்தன் சார் சொன்ன மாதிரி இடம் வடக்கு, வலம் தெற்கு என்றுதான் ஒட்டினேன். நேராக வைத்தால் கச்சிதமாகக் கவ்வுகிறது. செங்கல் கட்டு போல ஒரு கட்டம் தள்ளி வைத்தால் தள்ளுகிறது. காந்தம் தரமில்லாததா? இன்னொரு விஷயம், ஓடுகள் அடியில் முட்டுகின்றன, மேலே முடி நுழையும் அளவுக்கு இடைவெளி.

அனுப்புநர்: முகுந்தன்

நசீர் தம்பி, இங்கே கேட்டது சொல். ஆனாலும் உங்கள் சிக்கல் பொதுவானது. காந்தத்தில் குறையில்லை. ஒரு கட்டம் தள்ளினால் உங்கள் ஓட்டின் வலக் காந்தம், எதிர் ஓட்டின் வலக் காந்தத்துக்கு நேராக வருகிறது. தெற்கும் தெற்கும். இந்த விதி முழு ஓடு நேருக்கு நேர் வந்தால்தான் செல்லும்.

தள்ளி வைக்க வேண்டுமானால் ஜோடியை ஓட்டுக்கு அல்ல, கட்டத்துக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் இருபுறமும் 6.35 மி.மீ.; இடம் வடக்கு, வலம் தெற்கு. ஒரு பக்கத்துக்கு நான்கு, ஓட்டுக்கு 16 காந்தம். உங்கள் 24 ஓட்டுக்கு 192க்குப் பதில் 384. செலவு இரட்டிப்பு. நாக்கையும் காடியையும் அப்படியே கட்டத்துக்கு ஒரு ஜோடியாக ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் காந்தம் கவ்வும், நாக்கு முட்டும். உருண்டைக் காந்தத்தைத் தளர்வான குழியில் விட்டால் அது தானே திரும்பித் துருவத்தைக் காட்டும் என்பது உண்மை. அப்போது துருவக் கணக்கே வேண்டாம். ஆனால் உருண்டை சுழல இடம் விட்டு, வெளியே விழாமலும் அடைக்க வேண்டும்.

அடியில் முட்டுவது, முதல் படலம் நசுங்கி வெளியே பிதுங்குவதால். பக்கத்துக்கு 0.2, 0.3 மி.மீ. பிதுங்கினாலே போதும். அடி விளிம்பை 0.5 மி.மீ. சாய்வாகச் சீவிவிடுங்கள். ஓட்டையே 50.8 என்று வரையாமல் 50.6 என்று வரையுங்கள். 51.0 ஆக அச்சாகும் ஓடுகளைப் பத்து வரிசை வைத்தால் 2 மி.மீ. மிஞ்சி, பக்கத்து வரிசையின் பெரிய ஓட்டோடு மூலை சேராது.

ஒட்டும்போது இடக்குழிகளை எல்லாம் முதலில் ஒட்டி, பசை இறுகியபின் வலக்குழிகளுக்குப் போங்கள். ஈரப்பசையில் இருக்கும் காந்தத்தைப் பக்கத்துக் காந்தம் இழுத்துப் பிடுங்கிவிடும், சில நேரம் புரட்டியும் விடும். இரண்டு குச்சிகளின் நுனியில் ஒவ்வொரு காந்தம் ஒட்டி, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் பூசிக்கொள்ளுங்கள். சிவப்பு இடக்குழிக்கு, நீலம் வலக்குழிக்கு. குச்சியால் எடுத்தால் துருவம் மாறாது.

அனுப்புநர்: செல்வி

நன்றி. ஆனால் என் மூன்றாவது சொல் இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது. ஆறு ஓடும் ஓட்டில் விளிம்பு ப்ரொஃபைல் என்பது மேலும் கீழும் போகிற கோடு: கரை, பள்ளம், கரை. முகுந்தன் சொல்வது உள்ளும் வெளியும் போகிற கோடு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இதற்கும் அதே "இடம் நாக்கு, வலம் காடி" விதியை வைத்தால்?

அனுப்புநர்: முகுந்தன்

வைத்தால் ஆறு உடையும்! இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் கோட்டில் ஒன்றின் நாக்கு மற்றதன் காடிக்குள் போக வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும் உயரத்தில் கரைக்கு நேர் கரை, பள்ளத்துக்கு நேர் பள்ளம் வர வேண்டும். விளிம்பின் நடுவை x = 0 என்று வைத்தால்:

```
f(-x) = -f(x)   // உள்-வெளி
h(-x) =  h(x)   // மேல்-கீழ்
```

பள்ளிப் பாடநூலில் முதலாவது ஒற்றைப்படைச் சார்பு, இரண்டாவது இரட்டைப்படைச் சார்பு. எனவே ஆறு விளிம்பின் நட்ட நடுவில்தான் வெளியேற முடியும். 24 மி.மீ. அகல ஆறு என்றால் நடுவிலிருந்து இருபுறமும் 12. ஆற்றை 5 மி.மீ. இடப்பக்கம் ஒதுக்கினால், அதே அச்சை எதிரே வைக்கும்போது எதிர் ஆறு நமக்கு வலப்பக்கம் 5 மி.மீ. தள்ளி வரும், கரையில் 10 மி.மீ. படி நிற்கும். நாக்கையும் அதே சமச்சீரில் வரைந்தால் நாக்கும் நாக்கும் இடிக்கும். விதிகள் நேர் எதிர். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் படிப்பவர் தவறாமல் குழம்புவார்.

அனுப்புநர்: இராமநாதன்

அப்படியானால் என் ஆண்-பெண்ணை வாபஸ் வாங்குகிறேன். உள்ளும் வெளியும் போவது "விளிம்பு நெளிவு". மேலும் கீழும் போவது "விளிம்பு ஏற்றம்", அல்லது சேர்த்து "விளிம்பேற்றம்". நெளிவு என்றால் படுக்கைவாட்டில் பாம்பு. ஏற்றம் என்றால் செங்குத்து. விளக்கம் தேவைப்படாது.

அனுப்புநர்: நசீர்

ஏற்றம் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது இல்லையா? "விளிம்பு மேடுபள்ளம்" என்றால் அச்சுக்கடைப் பையனுக்கும் புரியும். குச்சி வேலை செய்தது. எட்டில் ஒன்று தலைகீழாக இருந்ததும் தெரியவந்தது.

அனுப்புநர்: செல்வி

செருகுகுழி, மூடுகுழி, விளிம்பு நெளிவு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஏற்றமா மேடுபள்ளமா என்பது நிற்கட்டும். மேடுபள்ளம் என்றால் ஓட்டின் மேற்பரப்பு முழுவதையும் குறிக்கும், விளிம்பை மட்டும் அல்ல என்று எனக்குத் தயக்கம். "தள ஓடு" பற்றியும் யாரும் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. வரைவில் ஒரு வாக்கியம் போட்டுப் பார்த்தேன்: "ஆற்று ஓட்டின் விளிம்பேற்றம் நடுச்சமமாகவும் நெளிவு எதிர்ச்சமமாகவும் இருக்க வேண்டும், செருகுகுழியின் வெளிச்சுவர் ஒற்றைக்கோடு." முதல் பதிப்புக்குப் பின், முதல் படலம் பிதுங்குவதற்கும் ஒரு சொல் கேட்பேன். ஆங்கிலத்தில் அதை யானையின் பாதம் என்கிறார்கள். தமிழில் யானைக்கால் என்று எழுதினால் ஓட்டை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்வார்கள்.

அனுப்புநர்: இராமநாதன்

"அடிப்பிதுக்கம்". அதற்குத் தனி இழை திறக்க வேண்டாம், செல்வி. "தள ஓடு"க்குத்தான் திறக்க வேண்டும். தளம் என்றால் மாடி என்று என் பேத்தி சொல்கிறாள்.