இடது வலது சொல்லிக் குடுக்கப் போயி நானே கொழம்பின கத

வடசேரிக்காரி:
ஒண்ணாங்கிளாஸ் எடுக்கேன், இருபத்திரெண்டு பிள்ளைய. ஒரு மாசமா தெனமும் பத்து நிமிசம், நான் முன்னால நின்னு "வலது கை தூக்கு, இடது கால் தூக்கு"ன்னு வெளையாட்டு, எல்லாம் டக்டக்குன்னு செஞ்சிச்சு, சரி படிச்சிட்டுன்னு நெனச்சேன். நேத்து சும்மா "கண்ணை மூடிட்டு வலது கை தூக்குங்க மக்ளே"ன்னு சொன்னா பாதிப் பிள்ளைய இடது கைய தூக்கி நிக்குது, ரெண்டு பேரு ரெண்டு கையையும் தூக்கிட்டு. அப்பதான் தெரிஞ்சுது, இவ்வளவு நாளும் அதுவ காதால கேக்கல்ல, என் கைய பாத்து அப்படியே செஞ்சிருக்கு. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

குளச்சல் அப்பா:
ரொம்ப ஈஸி மேடம். ரெண்டு கையையும் விரிச்சு பாக்கச் சொல்லுங்க, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து எந்தக் கையில இங்கிலீஷ் எல் எழுத்து நேரா வருதோ அது இடது. என் மவன் அப்படித்தான் படிச்சான்.

தக்கலை ரிட்டயர்டு டீச்சர்:
தம்பி, பொறங்கை நம்மளப் பாத்து இருந்தாதான் அது சரி, உள்ளங்கைய திருப்பிப் பாத்தா வலது கையிலதான் எல் வரும். அதுவும் போக ஆறு வயசுப் பிள்ளைக்கு எல் எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னே ஒறப்பா தெரியாது, பலதும் மாத்திதான் எழுதும்.

வடசேரிக்காரி, நானும் பத்து வருசம் இந்தத் தப்ப செஞ்சவதான். மொதல்ல பிள்ளையளுக்கு முதுகு காட்டி நில்லுங்க, எல்லாரும் ஒரே தெசைய பாக்கணும். வலது மணிக்கட்டுல ஒரு நூல் கெட்டி விடுங்க. "எழுதுத கை வலது"ன்னு மட்டும் சொல்லாதீய, இடக்கைப் பிள்ள ஒண்ணாவது இருக்கும். "சோத்துக்கை"ன்னு சொன்னா பெரும்பாலும் சரியா வரும், இடது கையில எழுதுத பிள்ளையக் கூட வீட்டுல ஆச்சிமாரு வலது கையிலதான சாப்பிட வச்சிருப்பாவ.

மணவாளக்குறிச்சி அம்மா:
என் மவ செருப்ப தெனமும் மாத்திதான் போடுதா, இதுக்கும் நூல் கெட்டணுமா?

தக்கலை ரிட்டயர்டு டீச்சர்:
அது வேற விசயம் மக்ளே, செருப்புக்கு உள்ள ஒரு படத்த ரெண்டா வெட்டி பாதி பாதியா ஒட்டிக் குடு, படம் சேந்து வந்தா சரி.

வெளையாட்டுக்கு வாறேன். தரையில சாக்பீஸால மூணுக்கு மூணு கட்டம் போடணும், ஒரு கட்டம் பிள்ளையோட ஒரு எட்டு அளவு. ஒரு பிள்ள ரோபோ, இன்னொண்ணு கட்டளை சொல்லும். ஒரு கட்டத்துல சிரட்டை வச்சிருப்பேன், எடுத்துட்டு கெளம்பின கட்டத்துக்கே திரும்பி வரணும். ஒரு தடவ இடது மூலையில ஒரு பயல நிறுத்தினேன், கட்டளை சொல்லுத பிள்ள அவனுக்கு பின்னால. "முன்னாடி ரெண்டு, வலது திரும்பு, முன்னாடி ஒண்ணு", சிரட்டை கையில வந்தாச்சு. பொறவு "வலது திரும்பு, முன்னாடி ரெண்டு". இப்ப அவன் முகம் அவளப் பாத்து இருக்கு. அவ "இடது திரும்பு"ன்னா, ஏன்னா அவளுக்கு அந்த மூலை இடது பக்கம்தான. அவன் சொன்னபடி திரும்பி எதிர்ப்பக்கத்து கட்டத்துக்குப் போயிட்டான், ரெண்டுக்கும் சண்ட. நான் யாரு தப்புன்னு சொல்லல்ல, "நீ போயி அவன் முதுகுக்கு பின்னால நின்னு பாரு"ன்னேன். போயி நின்னதும் "அய்யோ வலது!"ன்னு கத்துனா.

தன்னோட கைய ஆறு வயசுல சரியா சொல்லிரும், எதிர்ல நிக்கவன் கைய சொல்ல எட்டு வயசு கிட்ட ஆவும். அதனால கட்டளை சொல்லுதவ ரோபோ பின்னாலேயே நடக்கட்டும், அவசரப்படாதீய.

இன்னொண்ணு, "வலது திரும்பு" வேற, "வலது பக்கம் நகரு" வேற. திரும்புன்னா நின்ன கட்டத்துலயே முகம் மட்டும் மாறணும், பிள்ளைய திரும்பிட்டு ஒரு எட்டும் வச்சிரும். ரெண்டையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுக்காதீய. "பின்னாடி போ"ன்னா பாதி பேரு திரும்பி நின்னு நேரா நடக்கும், அது நம்ம பேச்சுல உள்ள கொழப்பம். "முகம் திருப்பாம பின்னால கால் வை"ன்னு சொல்லுங்க, ரெண்டு எட்டு போதும், செருப்பில்லாம. மணல்ல வச்சா நல்லது, விழுந்தாலும் தேவல.

மார்த்தாண்டம் டான்ஸ் அக்கா:
முதுகு காட்டணும்ங்கறத ஒத்துக்க மாட்டேன். நான் பிள்ளையள பாத்து நின்னு, "வலது"ன்னு சொல்லி என் இடது கைய தூக்குவேன், கண்ணாடி மாதிரி. முகம் தெரியாம நின்னா சின்னதுவ அங்கங்க ஓடிரும்.

தக்கலை ரிட்டயர்டு டீச்சர்:
ஆட்டத்துக்கு சரி. ஆனா அது பாத்து செய்யுததுதான? கண்ணை மூடச் சொல்லிப் பாரும்.

மார்த்தாண்டம் டான்ஸ் அக்கா:
மூடினாலும் என் பிள்ளைய செய்யும்.

வடசேரிக்காரி:
இன்னிக்கு கட்டம் போட்டேன். நூல் கெட்டினது நல்லா வேல செஞ்சுது, ஆனா கழத்தினதும் ரெண்டு பேரு வெறும் மணிக்கட்ட தடவிப் பாத்துட்டுதான் திரும்புதான். இன்னொரு பய, "வலது திரும்பு"ன்னா "தெக்கயா டீச்சர்?"ன்னு கேக்கான். அவன் ஆச்சி வீட்டுல எல்லாத்துக்கும் கெழக்க தள்ளு, தெக்க இரின்னுதான் சொல்லுவாவளாம். முன்னால ரெண்டு கட்டம் போயி திரும்பி வந்தவன்கிட்ட மறுபடி "வலது"ன்னேன், "இப்ப தெக்கதான இடது பக்கம் இருக்கு, வலது எப்படி மாறிச்சு?"ங்கான். இவனுக்கு எங்க இருந்து தொடங்க டீச்சர்?