ரெண்டு வருஷம் ஒத்துக்கிட்ட ஆர்.ஓ. கழிவுத் தண்ணி, இப்ப செடியைக் கருக்குது – உதவுங்க

மாடிப்பந்தல், சேலம் ஃபேர்லண்ட்ஸ்:
வணக்கம்ங்க. மொட்டை மாடியில 12 இஞ்ச் பையில தக்காளி, பீன்ஸ், கறிவேப்பிலை, ரெண்டு மல்லி வச்சிருக்கேன். ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற தண்ணியைக் குடத்துல பிடிச்சு ரெண்டு வருஷமா ஊத்துறேன், ஒரு குறையும் இல்லை. நாலு மாசமா பீன்ஸ் முதல்ல போச்சு, அப்புறம் தக்காளி இலை ஓரம் காகிதம் மாதிரி காஞ்சு மடங்குது. கறிவேப்பிலையில அடி இலை நுனி கருகுது. தண்ணியில உப்பு அளக்கிற மீட்டர்ல பார்த்தா போர் தண்ணி 780, கழிவுத் தண்ணி 1040 காட்டுது. அரிசி, காய் கழுவின தண்ணியும் இதே பைகளுக்குத்தான் போகுது. எதை நிறுத்தணும்?

கன்னங்குறிச்சி தோட்டம்:
அக்கா, கழிவுத் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அதான் காரணம். பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து ஊத்துங்க. மாசம் ஒரு தடவை மழைத் தண்ணியோ காவிரித் தண்ணியோ நிறைய விட்டு அடி வழியா ஓட விட்டா உப்பு கழுவிப் போயிடும். நான் அப்படித்தான் செய்யுறேன், ரோஜா கூட நல்லா இருக்கு.

மீன்தொட்டி ரசிகன், ஏற்காடு:
மீன் தொட்டித் தண்ணி செடிக்கு உரம்ங்க. வாரம் ஒரு தடவை தொட்டியில கால்வாசி மாத்தும்போது அதையே பக்கத்துல இருக்கிற காப்பி நாத்துக்கு ஊத்துறேன், இலை கருகருன்னு இருக்கு. உங்க வீட்டுல தொட்டி வச்சா இந்தப் பிரச்சினையே வராது.

மாடிப்பந்தல்:
என்கிட்ட மீன் தொட்டி இல்லீங்க. இருக்கிற தண்ணியில என்ன கோளாறுன்னு தெரிஞ்சாப் போதும். கன்னங்குறிச்சித் தம்பி சொன்ன மாதிரி மழைத் தண்ணி விட முடியாது. போன வாரம் மழை நல்லா அடிச்சுது, பையில தண்ணி மறுநாள் வரைக்கும் அப்படியே நின்னுச்சு. அடியில ஓட்டை அடைக்கலை, குச்சி விட்டுப் பார்த்துட்டேன்.

மண்வாசி (மண் பரிசோதனை வேலையில இருந்தவர், ஓய்வு):
கடைசி வரிதான் முக்கியம் அம்மா. 1040 உப்பு மட்டும் இருந்தா செடி வாடும், தண்ணி மேலே நிக்காது. நிக்குதுன்னா மண்ணே கெட்டிப்பட்டிருக்கு. மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

நாலு மாசத்துக்கு முன்னால வீட்டுக் குழாயில சாஃப்ட்னர் மாட்டினீங்களா? ஆர்.ஓ. மெஷினுக்கு அதுக்கு அப்புறம் வர்ற தண்ணிதான் போகுதா?

ஒரு பாட்டில்ல கழிவுத் தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி, சம அளவு எடுத்து ஒரே அளவு துணி சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்குங்க. ஷாம்பு, பாத்திர லிக்விட் வேண்டாம், அது எந்தத் தண்ணியிலும் நுரைக்கும். பை மேல படிஞ்ச வெள்ளைப் பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க, பொங்குதான்னு.

மாடிப்பந்தல்:
ஐயா, சரியாச் சொன்னீங்க. மார்ச் மாசம் சாஃப்ட்னர் போட்டோம், ஆர்.ஓ. அதுக்கு அப்புறம்தான் வருது. கழிவுத் தண்ணி பாட்டில் நல்லா நுரைச்சுது. போர் தண்ணியில திரி திரியா வெள்ளை அழுக்குதான் மிதந்துச்சு. பொருக்கு பொங்கவே இல்லை. நாக்குல வச்சுப் பார்த்தேன், உப்பு கரிச்சுது.

மண்வாசி:
கழிவுத் தண்ணி நுரைச்சுதுன்னா அதுல கால்சியம் இல்லை, பொருக்கு பொங்கலைன்னா அது சுண்ணாம்பும் இல்லை. அப்ப காரணம் சோடியம். நம்ம ஊர்த் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் அதிகம், மேக்னசைட் வெட்டுற ஊர் இல்லையா. சாஃப்ட்னர் அந்த ரெண்டையும் பிடிச்சு வச்சுக்கிட்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுது. மொத்த உப்பு குறையறதில்லை, அதனால மீட்டர்ல வித்தியாசம் தெரியாது. மீட்டர் எவ்வளவுன்னு சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது. அந்தத் தண்ணி ஆர்.ஓ.வுக்குள்ள போய் இன்னும் அடர்த்தியாகி வெளிய வருது. மூணு குடம் கழிவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணின்னு வச்சா, 780 மூணுல ஒரு பங்கு ஏறி 1040 ஆகும். உங்க மீட்டர் சொன்னதும் அதுவே.

முதல் ரெண்டு வருஷம் ஊத்தினதும் உப்புத் தண்ணிதான், ஆனா கால்சியம் உப்பு. அது மண்ணைப் பொலபொலன்னு வைக்கும். சோடியம் களிமண் துகளைப் பிரிச்சு மாவாக்கிடும், அது துவாரத்தை அடைச்சிடும். இந்த நிலையில மழைத் தண்ணி விட்டா இன்னும் மோசம். தண்ணியில இருக்கிற உப்புதான் அந்த மாவை ஓரளவு சேர்த்துப் பிடிச்சிருக்கும். உப்பில்லாத தண்ணி அதையும் கழுவிட்டா மண் குழைஞ்சு மூடிக்கும். தம்பி சொன்னது சாதாரண கழிவுத் தண்ணிக்குச் சரி, இங்க அடுத்த படிதான் அது.

முதல்ல ஜிப்சம். உரக்கடையில கிடைக்கும், கால்சியம் கொடுக்கும், காரம் ஏத்தாது. பைக்கு ரெண்டு டேபிள் ஸ்பூன், மேல் ரெண்டு இஞ்ச் மண்ணைக் கொத்தி விட்டுக் கலங்க. பிறகு போர் தண்ணி, சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்கிற குழாயில பிடிச்சது, பைக்கு 20 லிட்டர். ஒரே மூச்சுல இல்லை, மூணு நாள்ல பிரிச்சு மெதுவா. அடியில வர்ற தண்ணியை மீட்டர்ல வச்சுப் பயப்படாதீங்க, ஜிப்சம் கரைஞ்சாலே 2000 பக்கம் காட்டும். தண்ணி எத்தனை நிமிஷத்துல உள்ள இறங்குதுன்னு பாருங்க, அதான் அளவு.

சூரமங்கலம் வீடு:
சாஃப்ட்னர் கழுவுற உப்புத் தண்ணியை நாங்க தென்னைக்கு விடுறோம். தென்னைக்கு உப்பு போடுறது வழக்கம்தானே?

மண்வாசி:
தென்னை உப்பைத் தாங்கும், உண்மைதான். ஆனா கைப்பிடி உப்பு வேற, கழுவுற ஒவ்வொரு தடவையும் கிலோ கணக்குல கரைஞ்சு வர்றது வேற. கொஞ்ச நாள்ல அடி மண் இறுகும், பக்கத்துல வாழை இருந்தா முதல்ல அது காட்டும். சாக்கடையில விட்டுடுங்க.

அரிசி, காய் கழுவின தண்ணியை நிறுத்த வேண்டாம் அம்மா, அன்னைக்கே ஊத்திடுங்க, புளிச்சா நாத்தமும் கொசுவும் வரும். ஆனா காலிஃபிளவர், திராட்சையை உப்பு மஞ்சள் போட்டு ஊற வச்ச தண்ணி செடிக்கு வேண்டாம், அதுவும் இதே சோடியம்தான். மீன், கறி கழுவினது மாடியில பூனையைக் கூட்டும்.

மீன்தொட்டி ரசிகன்:
ஐயா, எங்க தொட்டியில மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தா கல்லுப்பு போடுவேன். அந்தத் தண்ணி?

மண்வாசி:
அந்த வாரத் தண்ணியை ஊத்தாதீங்க. நீல மருந்து போட்டிருந்தா கீரைக்கும் காய்க்கும் கண்டிப்பா கூடாது. மத்த நாள்ல நீங்க செய்யறது சரிதான்.

மாடிப்பந்தல் (மூணு வாரம் கழிச்சு):
ஜிப்சம் போட்டேன் ஐயா. முன்ன 40 நிமிஷம் நின்ன தண்ணி இப்ப ஆறு நிமிஷத்துல இறங்குது. கழிவுத் தண்ணி முழுக்க வீடு துடைக்கவும் கக்கூஸுக்கும் போகுது, செடிக்குப் போர் தண்ணி. புதுசா விதைச்ச பீன்ஸ் முளைச்சிருக்கு, தக்காளியில புது இலை சுத்தமா வருது. கறிவேப்பிலையில புதுத் துளிர் மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. இது வேறயா? இன்னொண்ணு, ஆர்.ஓ.வை நேரா போர் தண்ணிக்கு மாத்திட்டா கழிவுத் தண்ணியைத் திரும்ப ஊத்தலாமே?

மண்வாசி:
துளிர் மஞ்சள் இரும்புச்சத்துக் குறை போலத் தெரியுது, போர் தண்ணியோட காரத்தன்மையில அது வரும். மோரை நல்லாப் புளிக்க வச்சு ஊத்துவாங்க, சிலருக்குப் பலிக்குது, சிலருக்கு இல்லை. படம் போடுங்க, பார்த்துச் சொல்றேன். ஆர்.ஓ.வை மாத்தினா செடிக்கு நல்லது, ஆனா மெம்பிரேன் மேல சுண்ணாம்பு படிஞ்சு சீக்கிரம் மாத்த வேண்டி வரும். அந்தச் செலவு ஆளுக்கு ஆள் வேற. மெக்கானிக்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கன்னங்குறிச்சி தோட்டம்:
எங்க வீட்டுலயும் சாஃப்ட்னர் மாட்டப் பேசிட்டு இருக்காங்க. மாடிக்கு ஒரு குழாயை அதுக்கு முன்னாடியே தனியா பிரிச்சு விடச் சொல்லிட்டேன் அக்கா.