வம்சாவளிப் படத்தைப் படித்த அனுபவங்கள்: தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே நிழலில்லாத ஒரு வட்டம்

செங்காந்தள்: பன்னிரண்டாம் வகுப்பில் விக்டோரியா அரசியின் வம்சாவளிப் படத்தைக் கொடுத்தபோது, மாணவர்கள் அரசியின் நான்காம் மகனான லியோபோல்டிடம் வந்து நின்றுவிட்டார்கள். படத்தில் சதுரம் ஆண், வட்டம் பெண்; கறுத்திருந்தால் நோயுள்ளவர். இரத்தம் உறையாமை நோய் இருந்ததால் லியோபோல்டின் சதுரம் கறுப்பாக இருக்கிறது. அடுத்த வரிசையில் மகள் ஆலிஸின் வட்டமும் மகன் சார்லஸ் எட்வர்டின் சதுரமும் வெறுமையாக இருக்க, அதற்கும் கீழே 1928-இல் விபத்துக்குப் பின் இறந்த ஆலிஸின் மகன் ரூப்பர்ட்டின் சதுரம் மீண்டும் கறுத்திருக்கிறது. நோய் ஒரு தலைமுறை மறைந்துவிட்டது என்றே வகுப்பில் பலரும் எழுதினார்கள். உண்மையில் அது எங்கும் மறையவில்லை. தந்தையிடம் உள்ள ஒரே எக்ஸ் குரோமோசோம் மகளுக்குத்தான் போகும் என்பதால், ஆலிஸ் ஐயமின்றி ஒரு கடத்தி, அதாவது தமக்கு நோய் இல்லாமலே அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்; அவருடைய வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி வைக்க வேண்டும். மகனோ தந்தையின் ஒய் குரோமோசோமைப் பெற்றதால், அந்தக் கிளைக்கு லியோபோல்டின் நோய் போக வழியில்லை.

திண்ணைவாசி: அப்படியானால் சதுரங்கள் மட்டும் கறுத்திருந்தால் எக்ஸ் வழி என்றும், தந்தை, மகன் இருவரும் கறுத்திருந்தால் எக்ஸ் வழியே அல்ல என்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

செங்காந்தள்: கண்ணைத் திறந்துகொண்டு எழுதுவது நல்லது. நிறக்குருடு பரவலானது என்பதால், தாயும் கடத்தியாக இருந்து, தந்தை, மகன் இருவருக்கும் அது தனித்தனியாக வந்திருக்கலாம். இரண்டே பிள்ளைகள் உள்ள சிறு குடும்பத்தில் சதுரங்கள் மட்டும் கறுத்திருப்பது தற்செயலாகவும் நேரும்.

வைகைக்கரையான்: என் தாயார் தம் தாய்மாமனை மணந்தவர். ஆலோசகர் வரைந்த படத்தில் இரண்டாம் வரிசைச் சதுரத்தையும் மூன்றாம் வரிசை வட்டத்தையும் இரத்த உறவுத் திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடு சாய்வாக இணைத்திருந்தது; அதை இரண்டு திருமணம் என்று என் சித்தப்பா புரிந்துகொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, எனக்கு நன்றாகக் கேட்கும். என் வட்டம் வெறுமையாக இருப்பதால் எனக்குக் கவலையில்லைதானே?

திண்ணைவாசி: வட்டமா? பெயரைப் பார்த்து உங்களை நான் சதுரமென்று நினைத்திருந்தேன், சகோதரி!

செங்காந்தள்: வெறுமையான வட்டம் உங்களுக்குக் குறை இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. தம்பியின் குறை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பாக இருந்தால், நான்கு சம வாய்ப்புகளில் காது கேளாத ஒன்று உங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. மீதி மூன்றில் இரண்டு கடத்திக்குரியவை. ஆனால் கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா காய்ச்சல் வந்திருந்தாலும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம். படத்தில் அதுவும் இதே கறுப்புச் சதுரம்தான்.

வைகைக்கரையான்: காய்ச்சல் வந்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. தம்பியின் மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.