மறு: [கலைச்சொல்] மெனுவில் ‘About’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கதிர்:
வணக்கம். தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்களுக்கான வலைத்தள வார்ப்புரு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இது ஒன்றுதான் பாக்கி:

```
msgid "About"
msgstr ""
```

முன்பு செய்தவர் ‘எங்களைப் பற்றி’ என்று போட்டிருக்கிறார். ஒற்றை ஆள் நடத்தும் தளத்தில் ‘எங்களை’ என்றால், வருபவர் ஓர் அலுவலகத்தை எதிர்பார்ப்பார். ஃபோனை எடுப்பவரும் பில் போடுபவரும் ஒரே ஆள் என்று அப்புறம் தெரிந்தால் சங்கடம்.

ரஃபீக்:
‘தற்குறிப்பு’ போடுங்கள், சுருக்கமாக இருக்கும். பக்கத்தையும் படர்க்கையில் எழுதச் சொல்லுங்கள். ‘இவர் ஒரு முன்னணி வடிவமைப்பாளர்’ என்றால்தான் மதிப்பு.

மாணிக்கம்:
ரஃபீக் தம்பி, ‘தற்குறி’ என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுதான் ஊரில் பொருள். மெனுவில் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? தற்குறிப்பேற்ற அணியும் நினைவுக்கு வருகிறது: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது. ‘வண்ணங்கள் என்னைத் தேடி வந்தன’ என்று எழுதும் டிசைனர்களுக்கு அது பொருந்தும்தான்.

என் பரிந்துரை ‘தன்னுரை’. நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள். எத்தனை துறை முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் தகும் என்கிறது. அவற்றுள் ஒன்று ‘தன்னுடை ஆற்றல் உணராரிடை’. இணையத்தில் வந்து பார்ப்பவர் அவர்தானே?

பத்மா:
என் மகள் கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். அதற்கும் இதே சொல்தானா? அங்கே பள்ளி மதிப்பெண்ணும் கேட்கிறார்கள்.

செல்வி:
பத்மா அக்கா, அது விண்ணப்பம், வேறு கதை. இது வேலை கொடுப்பவர் படிப்பது.

ரஃபீக் சொன்ன படர்க்கை ஏஜென்சிக்குச் சரி. தனி ஆள் தன்னையே ‘இவர்’ என்று எழுதினால் யார் எழுதியது என்ற கேள்வி வரும். நான் பொட்டல உறை வடிவமைக்கிறவள். என் பக்கம் முதலில் இப்படித் தொடங்கியது: ‘சிறு வயது முதலே நிறங்கள் மீது தீராக் காதல். காபி, மழை, பூனை.’ படித்தவருக்கு நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாது. இப்போது இப்படி: ‘கோவையில் இருந்து சிறு உணவு நிறுவனங்களுக்கு மசாலா, எண்ணெய் உறைகள் வடிவமைக்கிறேன். அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். அதனால் புரூஃப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.’ அப்பாவைப் பற்றிய வரி சொந்த விஷயம்தான், ஆனால் வேலைக்கும் சாட்சி சொல்கிறது. பூனை அப்படி எதுவும் சொல்லவில்லை.

ரஃபீக்:
சரி, தன்மையிலேயே இருக்கட்டும். ஆனால் பெரிய கம்பெனி லோகோக்களை வரிசையாகப் போட்டால் நம்பிக்கை வரும், அதில் மாற்றமில்லை.

செல்வி:
வரும், நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்றும் எழுதினால். ஏஜென்சியில் இருந்தபோது ஒரு சீட்டில் எழுத்தளவை மாற்றியவர், பிராண்டையே உருவாக்கியது போல லோகோவைப் போடுவார். முதல் சந்திப்பில் ‘இந்தப் பெயர்ப்பலகை எப்படி யோசித்தீர்கள்?’ என்று கேட்டால் குட்டு வெளிப்படும். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் பெயரே போட முடியாது. ‘ஒரு சமையல் எண்ணெய் நிறுவனம்’ என்று எழுதி, செய்த பங்கை மட்டும் சொல்லலாம். லோகோ வரிசையைவிட வாடிக்கையாளர் ஒருவர் பெயரோடும் பதவியோடும் சொன்ன இரண்டு வரி மேல். ‘சூப்பர் வேலை’ என்பது உதவாது. ‘அச்சுக்குப் போன பிறகு திருத்தம் வரவில்லை’ என்பது உதவும்.

மாணிக்கம்:
பாருங்கள், இதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறது! ஒரு நூலின் சிறப்பைச் சொல்லும் முன்னுரையான சிறப்புப்பாயிரத்தைச் செய்யத் தக்கவர்: தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன். ஆக, வாடிக்கையாளர் சொல்வது ‘பாயிரம்’, தானே சொல்வது ‘தன்னுரை’.

செல்வி:
ஐயா, அந்தப் பட்டியலில் காசு கொடுத்தவர் இல்லையே. எங்களுக்கு அவர் சொல்தான் செல்லும். மசாலா ஆலைக்காரர் ‘பாயிரம்’ என்ற பொத்தானைத் தொடவும் மாட்டார்.

மாணிக்கம்:
தொடத் தொடப் பழகும். ‘இணையம்’ மட்டும் பிறக்கும்போதே பழகியிருந்ததா?

கதிர்:
ஐயா, பழகும்வரை என் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். ‘என்னைப் பற்றி’ என்று போட்டு அனுப்புகிறேன். ஃபோன் திரையில் ஒரே வரியில் நிற்கிறது, எழுதுபவரையும் தன்மையில் எழுத வைக்கிறது. ரஃபீக்கும் செல்வியும் சரி என்கிறார்கள்.

வாடிக்கையாளர் சொல்லும் பகுதிக்கு இப்போதைக்கு ‘வாடிக்கையாளர் கருத்து’.

மாணிக்கம்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘பற்றி’ என்று முடிவது பெயர் அல்ல. பயனிலைக்குக் காத்து நிற்கும் பாதி வாக்கியம். அடுத்த பதிப்பில் ‘தன்னுரை’யை மீண்டும் எழுப்புவேன்.

பத்மா:
மகளுக்கு நான் ‘தன்னுரை’ என்றே போட்டுவிட்டேன். கல்லூரியில் ஏற்பார்களா?