செகிரோ: கெனிச்சிரோவின் தொடர் வாள்வீச்சில் என் தடுப்பு ஏன் பாதியில் உடைகிறது?

தென்கரை:
2019-இல் வெளிவந்த செகிரோ ஆட்டத்தைப் பிளேஸ்டேஷனில் விளையாடி வருகிறேன். அஷினா கோட்டையின் உச்சியில் நிற்கும் கெனிச்சிரோவைக் கடக்க முடியவில்லை. அவன் தொடர்ந்து வாள் வீசத் தொடங்கியதும் எல்1 பட்டனை விடாமல் வேகமாகத் தட்டுகிறேன். முதல் ஓரிரு அடிகள் டிஃப்ளெக்ட் ஆகின்றன; பின்னர் வருபவை வெறும் தடுப்பாகவே அமைவதால் போஸ்ச்சர் பட்டை நிரம்பி நிலைகுலைந்து போகிறேன். சாதாரண வீரர்களிடம் இதே முறை எடுபட்டது. மேலும், அவன் உயரத் தாவி வெட்டிய பின் சிவப்பு எழுத்து தோன்றும்போது நான் எதைச் செய்தாலும் அடி விழுகிறது. இன்னும் வேகமாகத் தட்டப் பழக வேண்டுமா?

வெண்ணிலவன்:
எல்டன் ரிங்கில் மார்கிட்டிடம் எனக்கும் இதுவே நேர்ந்தது. அவன் தடியை ஓங்கியபடி நெடுநேரம் நிறுத்தி வைப்பான். ஓங்கியவுடன் உருண்டால், உருண்டு எழும் இடத்தில் அடி விழும். நான் வேறு பகுதிகளுக்குச் சென்று லெவலை உயர்த்திக்கொண்டு திரும்பினேன். நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள்.

கார்முகில்:
நண்பரே, செகிரோவில் அப்படி லெவல் உயர்த்த வழியில்லை. தென்கரை, நீங்கள் தாக்குவதை முற்றிலும் நிறுத்திவிட்டு டிஃப்ளெக்ட் மட்டும் செய்யுங்கள். அவனுடைய போஸ்ச்சர் தானே நிரம்பும்.

ஆழிமாலை:
தென்கரை, உங்கள் கை வேகம் குறைவாக இல்லை. அந்த வேகமே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. எல்1 அழுத்திய கணத்திலிருந்து ஏறத்தாழ 0.2 நொடிக்குள் அடி விழுந்தால் அது டிஃப்ளெக்ட் ஆகும். ஆனால் அடுத்தடுத்துத் தட்டத் தட்ட இந்த நேரத்தை ஆட்டமே சுருக்கிவிடுகிறது. ஏறத்தாழ அரை நொடி கையை எடுத்திருந்தால்தான் அது முழு அளவுக்குத் திரும்பும். முதல் அடிகள் சரியாக அமைந்து பின்னர் வருபவை தவறுவதற்கு இதுவே காரணம். சாதாரண வீரர்கள் ஓரிரு அடிகளோடு நிறுத்திவிடுவதால் அங்கே இது தெரியவில்லை.

ஆகவே ஓர் அடிக்கு ஒரு முறை மட்டும் அழுத்துங்கள். அவனுடைய நீண்ட தொடரில் அடிகள் சம இடைவெளியில் வருவதில்லை. எனவே ஓரிரு சுற்றுகளில் வெல்லும் எண்ணத்தை விட்டுவிட்டு, வாள்கள் மோதும் ஒலியை மட்டும் கேட்டு அந்தத் தாளத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கார்முகில் சொன்னதில் பாதி சரி. கெனிச்சிரோவின் உயிர்ப்பட்டை நிறைந்திருக்கும்வரை அவனுடைய போஸ்ச்சர் விரைவாக இறங்கிவிடும். முதலில் சில வெட்டுகளால் உயிரைக் குறைத்தால்தான் டிஃப்ளெக்டால் ஏறியது நிலைக்கும். நீங்கள் வெட்டும்போது அவன் உங்கள் வாளைப் பளிச்சென்ற பெரும்பொறியோடு தட்டிவிட்டால், அடுத்த முறை அவனுடையது. அக்கணமே வெட்டுவதை நிறுத்தித் தடுப்புக்குத் தயாராகுங்கள்.

தாவி வெட்டிய பின் வருவது குத்தாகவோ தாழ்ந்த வீச்சாகவோ இருக்கும். சிவப்பு எழுத்து இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, வாளைப் பாருங்கள். முனை உங்களை நோக்கியபடி பின்னே இழுக்கப்பட்டால் குத்து. மிகிரி கவுண்டரைக் கற்றிருந்தால், ஸ்டிக்கை அசைக்காமலோ அவனை நோக்கித் தள்ளியோ வட்ட பட்டனை அழுத்துங்கள். உடல் தாழ்ந்து வாள் பக்கவாட்டில் சென்றால் குதியுங்கள். அவன்மேல் படும்போது மீண்டும் குதித்தால் அவனுடைய போஸ்ச்சர் நன்றாக ஏறும். பாழடைந்த கோவிலருகே இருக்கும் ஹன்பேயிடம் மிகிரியைப் பழகலாம்.

தென்கரை:
மிக்க நன்றி. மிகிரி பெரும்பாலும் கைகூடுகிறது; மின்னலோடு வரும் மூன்றாம் கட்டத்தையும் எட்டிவிட்டேன். ஆனால் நீண்ட தொடரின் கடைசி அடி மட்டும் இன்னும் தவறுகிறது. என் தொலைக்காட்சியின் தாமதமாக இருக்குமோ?

கார்முகில்:
நிச்சயமாக இருக்கலாம். தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்கிப் பாருங்கள். எனக்கு அது பெரிதும் உதவியது.

ஆழிமாலை:
இயக்கிப் பார்ப்பதில் இழப்பில்லை. ஆனால் தாமதம் எல்லா அடிகளையும் ஒரே அளவில் பாதிக்கும். முதல் அடிகள் சரியாக அமைவதால், கடைசி அடிக்கு முன் நீங்கள் முந்திக்கொண்டு அழுத்துகிறீர்கள் என்றே கருதுகிறேன். ஒரு பதிவு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாம் கட்டத்தில் அவன் மின்னலைத் திரட்டும்போது குதித்து, காற்றில் இருக்கும்போதே அதை வாங்கி, தரையைத் தொடும் முன் தாக்குதல் பட்டனை அழுத்துங்கள். மின்னல் அவன் மீதே திரும்பும்.

தென்கரை:
கேம் மோடை இயக்கினேன்; கடைசி அடி இப்போதும் சில முறை தவறுகிறது. பதிவு எடுத்து இங்கே இணைக்கிறேன்.