கோவ் லைட்டிங்குக்குத் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

மாலதி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். எல்இடி பட்டை பொருத்துவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் தச்சர்களும் மின்பணியாளர்களும். வியாழனன்று அச்சுக்குப் போகிறது. ‘கோவ் லைட்டிங்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். பொய்க்கூரையின் ஓரத்தில் பள்ளம் விட்டு, அதற்குள் பட்டையை ஒளித்துவைத்து, வெளிச்சம் மேற்கூரையில் பட்டு அறைக்குள் இறங்கும்படி செய்கிறோமே, அதுதான். விளக்கும் தெரியக் கூடாது, புள்ளி புள்ளியாகவும் தெரியக் கூடாது.

மூன்று சொல் தேவை. அந்த அமைப்புக்கு ஒன்று. பட்டையை மறைக்க முன்னால் நிற்கும் தடுப்புக்கு ஒன்று. அந்தத் தடுப்பு உயரமாகிவிட்டால் கூரையில் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு நிழல் எல்லை விழும், அதற்கு ஒன்று. முதலாவதற்கு ‘மறைவொளி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

இளங்கோ எழுதியது:

‘மறையொளி’ என்று வையுங்கள், அம்மா. வினைத்தொகை. மறைந்த, மறைகின்ற, மறையும் ஒளி என்று முக்காலமும் அடங்கும். அல்லது இன்னும் பொருத்தமாக ‘கவியொளி’. கவிதல் என்றால் மேலிருந்து வளைந்து மூடுதல். கவிகை என்றால் குடை. கவிமாடம் எல்லோருக்கும் தெரியும். ‘கோவ்’ என்ற சொல்லே இந்தக் ‘கவி’யிலிருந்து போனதுதான் என்பது என் நெடுநாள் கருத்து. ‘குகை’, ‘குவை’, ‘குவி’ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேர் புலப்படும். விரிவாக எழுதுகிறேன்.

ராமநாதன் எழுதியது:

விரிவாக எழுத வேண்டாம், இளங்கோ. ‘கோவ்’ பழைய ஆங்கிலத்தில் ‘கோஃபா’, உள்ளறை என்று பொருள். அதோடு அந்த வழக்கை முடித்துக்கொள்வோம். ‘மறையொளி’ என்றால் வேதத்தின் ஒளி என்று படிப்பார்கள். ‘கவியொளி’ என்றால் கவியரங்கத்துக்கு விளக்குப் போடுகிறோம் என்று நினைப்பார்கள். நிகண்டு தெரிந்தவன் குரங்கையும் நினைப்பான்.

எனக்குத் தோன்றுவது ‘அளை’. புறநானூற்றில் புலி தங்கிப் போன கல்லளை இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியாத இடம். ‘அளையொளி’ எப்படி?

வசந்தா எழுதியது:

அளை என்றால் மோர் என்றும் பொருள் உண்டு, ஐயா! உங்கள் வாதம் உங்களுக்கே திரும்புகிறது.

நான் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் ‘மாடவொளி’ என்று சொல்லிப் பார்த்தேன். சுவரில் விளக்கு வைக்கும் மாடக்குழி அவர்களுக்குத் தெரியும், உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த நாள் ஒருவர் சுவரில் குழி வரைந்து அதற்குள் பட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

கண்ணன் எழுதியது:

இடத்தின் பெயரையே ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? வாங்குகிறவருக்கு வேண்டியது புள்ளி இல்லாத வெளிச்சம். ‘புள்ளியிலா ஒளி’ என்று வையுங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டை போட்டால் புள்ளி தெரியும். 120 போட்டால் குறையும். சில்லுகளை மிக நெருக்கமாகப் பதித்த சிஓபி பட்டை போட்டால் முழு நீளத்துக்கும் ஒரே கோடாக எரியும். விஷயம் அவ்வளவுதான்.

செல்வம் எழுதியது:

தம்பி கண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் இந்த வேலையைச் செய்கிறவன், அதனால் மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

மீட்டருக்கு 60 என்றால் ஒரு எல்இடிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 17 மி.மீ. இடைவெளி. பட்டையிலிருந்து மேற்கூரை 16 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள், அது இடைவெளியைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அந்தத் தொலைவுக்குள் பக்கத்துப் பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கூரையில் விழும் ஒளியில் புள்ளி வராது, எந்தப் பட்டையானாலும் சரி.

பிறகு புள்ளி எங்கே தெரிகிறது? இரண்டு இடத்தில். பட்டையை முன்தடுப்பின் உள்முகத்தையோ பின்சுவரையோ ஒட்டிப் பதித்திருந்தால், கலக்க இடமில்லாமல் அங்கே வரிசையாக வளைவு வளைவாக விழும். எல்இடி இடைவெளியைவிடக் கிட்டத்தில் எந்தப் பரப்பும் இருக்கக் கூடாது. அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நிம்மதி. இன்னொன்று கூரைக்கு அடித்திருக்கும் பளபளப்பான பெயின்ட். அது கண்ணாடி மாதிரி வேலை செய்யும். தடுப்பு பட்டையை மறைக்கும், பட்டையின் பிம்பத்தை மறைக்காது.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: விளக்கைப் போட்டு நடந்து பாருங்கள். புள்ளிகள் உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் அது பிம்பம். அந்த இடத்தில் கூரையோடு ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் மறைந்துவிடும். மேட் பெயின்ட் அடித்தால் தீர்ந்தது. நகராமல் நின்றால் பட்டையைத் தள்ளி ஒட்ட வேண்டும். சிஓபி இரண்டுக்கும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டு பளபளப்பை விட்டால், புள்ளிக்குப் பதில் பளிச்சென்று ஒரு கோடு தெரியும்.

அதனால் ‘புள்ளியிலா ஒளி’ வேண்டாம். அது பலன். பொருளின் பெயர் அல்ல.

இளங்கோ எழுதியது:

செல்வம் அவர்களின் விளக்கம் அருமை. ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று: தமிழில் ‘ஒளி’ என்பதே வெளிச்சம், ‘ஒளி’ என்பதே மறைந்துகொள். ஒரே சொல்லில் இந்த அமைப்பு முழுவதும் இருக்கிறது. ‘ஒளியொளி’! உலகில் வேறு எந்த மொழிக்கு இந்தப் பேறு கிடைக்கும்?

ராமநாதன் எழுதியது:

அச்சுப்பிழை என்று ஒரு ‘ஒளி’யை அடித்துவிடுவார்கள்.

ஜெயந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விளக்கு பற்றிப் பேச்சு நடப்பதால் கேட்கிறேன். எங்கள் கூடத்தில் இதேபோல் போட்டிருக்கிறது. இரண்டு 5 மீட்டர் பட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். தொடங்குகிற இடத்தில் நன்றாக எரிகிறது, கடைசியில் மங்கல். பட்டை பழுதா? இதற்கும் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள்.

செல்வம் எழுதியது:

பழுதில்லை, அம்மா. 12 வோல்ட் பட்டையாக இருக்கும். முழு 10 மீட்டருக்கும் வேண்டிய மின்னோட்டம் முதல் சில அடிகளின் மெல்லிய செம்புத்தடம் வழியாகத்தான் போகிறது, போகப் போக அழுத்தம் குறைகிறது. மின்வழங்கிக்குத் திறன் போதும் என்றால், அதிலிருந்து தடித்த கம்பி இழுத்து இரண்டாவது பட்டைக்குத் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் 24 வோல்ட் எடுத்தால் அதே வெளிச்சத்துக்குப் பாதி மின்னோட்டம் போதும். சொல் ஏற்கெனவே இருக்கிறது, மின்னழுத்த வீழ்ச்சி.

மாலதி எழுதியது:

நன்றி, செல்வம் ஐயா. அந்த நிழல் எல்லைதான் எனக்கு இன்னும் குழப்பம். கையேட்டில் ஒரு படம் இருக்கிறது. பட்டை தடுப்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே. தடுப்பு பட்டையைவிட 4 செ.மீ. உயரம். கூரை பட்டையிலிருந்து 16 செ.மீ. மேலே. ‘இவ்வாறு செய்யாதீர்’ என்று போட்டிருக்கிறார்கள். ஏன்? உயரமான தடுப்பு நன்றாகத்தானே மறைக்கும்?

செல்வம் எழுதியது:

நல்ல படம். தடுப்பின் உச்சியை உரசிக்கொண்டு போகும் கதிரைப் பாருங்கள். 8 செ.மீ. முன்னே போவதற்குள் 4 செ.மீ. ஏறியிருக்கிறது. கூரையைத் தொட 16 செ.மீ. ஏற வேண்டும், அதாவது 32 செ.மீ. முன்னே போயிருக்கும். தடுப்பைத் தாண்டி வெறும் 24 செ.மீ.தான். அதற்கு அப்பால் பட்டையின் நேர் வெளிச்சம் விழாது, அங்கே கோடு. தடுப்பை 1 செ.மீ. ஆக்கினால் அதே கதிர் 128 செ.மீ. போகும். பட்டையின் முகமும் தடுப்பின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருந்தால் கோடே கிடையாது.

மறைப்பது பற்றிக் கவலை வேண்டாம். நம் கண் தடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது, கீழிருந்து பார்க்கிறவருக்கு அதே மட்டத்தில் உள்ள பட்டை தெரியாது. மாடிப்படியோ உள்மாடியோ அந்த அறையைப் பார்த்து இருந்தால் மட்டும் தெரியும். உயரத் தடுப்பு ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றால் இடிக்க வேண்டாம். அடியில் ஒரு மரச்சட்டம் கொடுத்துப் பட்டையை உயர்த்தினால் போதும்.

வசந்தா எழுதியது:

கணக்கு சரி. ஆனால் பட்டையை நேர் மேலே பார்க்க வைத்தால் அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு பிரகாசமான பட்டையும் நடுவில் மங்கலுமாக இருக்கும். 45 பாகைச் சாய்வுள்ள அலுமினியச் சட்டத்தில் பதித்து அறைப்பக்கம் திருப்பினால் இன்னும் சீராகப் பரவும் என்பது என் கருத்து.

செல்வம் எழுதியது:

பரவும். ஆனால் சாய்த்த முகத்தின் மேல்விளிம்பு தடுப்புக்கு மேலே எட்டிப்பார்க்காமல் வைப்பது தளத்தில் நடக்கிற காரியமில்லை. கூரைக்கு இன்னும் 10 செ.மீ. இடம் கேட்டு வாங்குவது எனக்கு எளிது. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

ராமநாதன் எழுதியது:

சொல்லுக்கு வருவோமா? எல்லைக்கு ‘நிழற்கோடு’. யாரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். தடுப்புக்கு ‘உதடு’, பானைக்கு உதடு உண்டு, இதற்கும் இருக்கட்டும். அமைப்புக்கு ‘குடைவொளி’. மறைவொளி என்றால் அலமாரிக்கு அடியில் ஒட்டும் விளக்கும் மறைவொளிதான். போதாக்குறைக்குக் கையேட்டில் ‘மறைமுக ஒளி’ வேறு வரும்.

வசந்தா எழுதியது:

குடைவொளிக்கு என் வாக்கு. மாடம் போனதில் வருத்தம்தான்.

கண்ணன் எழுதியது:

எனக்கும் சரி. (சிஓபி பற்றிய என் கருத்து மாறவில்லை.)

செல்வம் எழுதியது:

எனக்குச் சரியில்லை. பள்ளம் யாரும் குடைந்ததல்ல. ஓரத்தைத் தாழ்த்திக் கட்டுவதால் தானாக வருவது. ‘குடைவு’ என்று படத்தில் எழுதியிருந்தால், புதுப் பையன் ஒருவன் துளைக் கருவியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போவான். எங்கள் ஆட்கள் ‘கோவ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதையே போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இளங்கோ எழுதியது:

தமிழ் குறைந்துவிடும். இருந்தாலும் செல்வம் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: குடைதல் வேறு, கவிதல் வேறு. அதனால்தான் கவியொளி...

மாலதி எழுதியது:

இன்று புதன், இரவு பதினொன்று. ‘குடைவொளி’ என்று அனுப்பிவிட்டேன். படத்தில் அம்புக்குறிக்கு அருகில் மட்டும் ‘கோவ்’ என்றே விட்டிருக்கிறேன், துளைக் கருவி விஷயம் பயமாக இருக்கிறது. நிழற்கோடு அப்படியே. உதடு என்பதை மெய்ப்பு பார்ப்பவர் ‘விளிம்பு’ என்று மாற்றிவிட்டார். ஆனால் கூரைக்கும் விளிம்பு இருக்கிறது, பட்டைக்கும் விளிம்பு இருக்கிறது, ஒரே பக்கத்தில் ஐந்து விளிம்பு. காலையில் அவரோடு பேச வேண்டும்.

இளங்கோ எழுதியது:

உதடு வேண்டாம், ‘இதழ்’ என்று கேட்டுப் பாருங்கள்.